மொமெண்டம் மதிப்பெண்ணை நீங்களே கணக்கிடலாம்

சந்தை ஒரு வருடத்தில் 10% ஏறியது, உங்கள் பங்கு 20% ஏறியது என்று வைத்துக்கொள்வோம். சந்தை 1% அசைந்தால் பங்கு எவ்வளவு அசையும் என்பதைச் சொல்வது பீட்டா. அந்தப் பங்கின் பீட்டா 1.2 என்றால், சந்தையோடு சேர்ந்து வந்தது சுமார் 12%. மீதி 8% எங்கிருந்து வந்தது? அதிர்ஷ்டமாக இருக்கலாம், அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய நல்ல செய்தியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே குணமுள்ள பல பங்குகளில் இந்த மீதி திரும்பத் திரும்பத் தென்பட்டால், அந்தக் குணத்தை 'ஃபாக்டர்' என்கிறோம். விலை மலிவு, சிறிய நிறுவனம், நல்ல லாபத்திறன் எல்லாம் இந்த வகைதான். இங்கே மொமெண்டம் மட்டும் பார்ப்போம்.

சமீபத்தில் நன்றாக ஏறியவை இன்னும் சில மாதங்கள் ஏறும் போக்குதான் மொமெண்டம். அது அமெரிக்கப் பங்குகளில் இருப்பதை நிதி ஆய்வாளர்களான நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இல் காட்டினார்கள். நல்ல செய்தி விலையில் முழுதாக ஏற நாளாகிறது என்பது ஒரு விளக்கம். லாபம் வந்ததும் அவசரமாக விற்பவர்கள் அந்த ஏற்றத்தைத் தாமதப்படுத்துகிறார்கள் என்பது இன்னொன்று.

படி 1. ஸ்ப்ரெட்ஷீட்டில் 13 மாதக் கடைசி விலைகளை B2 முதல் B14 வரை, பழையது மேலே வரும்படி இடுங்கள். போனஸ், ஸ்ப்ளிட் சரிசெய்த விலைதான் வேண்டும். 1:1 போனஸ் வந்த பங்கைச் சரிசெய்யாமல் போட்டால் 50% விழுந்ததுபோல் தெரியும். ஒரே மாதத்தில் விலை சரிபாதியானால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

படி 2. C3-இல் =B3/B2-1 என்று தொடங்கி C14 வரை மாத வருமானத்தைக் கணக்கிட்டு, பிறகு வேறு இரண்டு கட்டங்களில் இவற்றை எழுதுங்கள்:

```
=B13/B2-1
=STDEV(C3:C14)*SQRT(12)
```

முதல் வரியில் கடைசி மாதத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். ஒரே மாதத்தில் தாவிய பங்கு அடுத்த மாதம் சற்று இறங்கும் பழக்கம் உண்டு. இரண்டாவது வரி, விலை எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு.

படி 3. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' பங்கு 200-இலிருந்து 260 போனது, ஏற்றம் 30%, ஆட்டம் 40%, மதிப்பெண் 0.75. 'ஆ' 200-இலிருந்து 250 போனது, ஏற்றம் 25%, ஆட்டமும் 25%, மதிப்பெண் 1. அதிகம் ஏறியது 'அ'. ஆனால் முந்துவது 'ஆ'. நிஃப்டி 200 மொமெண்டம் 30 குறியீடும் 6 மாத, 12 மாத ஏற்றங்களை இப்படி ஆட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பங்குகளைப் பொறுக்குகிறது.

படி 4. உங்கள் பட்டியலை வரிசைப்படுத்தி, மேலே உள்ளவற்றை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பலர் கணக்கில் விடுவது இங்கேதான். இந்தியாவில் ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி. அதையும் தரகையும் கழித்த பிறகு மிஞ்சுவதை ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டோடு ஒப்பிடுங்கள்.

பெரிய சரிவிலிருந்து சந்தை சட்டென்று மீளும்போது இந்த முறை மோசமாக அடிவாங்கும். 2009 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்காவில் பாய்ந்து ஏறியவை, அதற்குமுன் நொறுங்கிப்போயிருந்த வங்கிகளைப் போன்ற பங்குகள்தான். மொமெண்டம் பட்டியலில் அப்போது இருந்தவை சரிவில் தாக்குப்பிடித்த நிதானமான பங்குகள். அப்படி ஒரு சரிவுக்குப் பிறகு உங்கள் பட்டியலின் சராசரி பீட்டா 1-க்கு வெகு கீழே இருந்தால், மீட்சியில் நீங்கள் பின்தங்கப்போகிறீர்கள் என்பதற்கு அதுதான் அறிகுறி.