ஒரு பஸ் மாறி மதுரை போக என்ன செலவு? பெல்மன்-ஃபோர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் கோடிங் பழக வருகிறவர்கள், "அதிகபட்சம் K நிறுத்தங்களுக்குள் மலிவான வழி" என்ற கணக்கில் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில் விழுகிறார்கள். இதற்குப் பெரும்பாலும் எழுதுவது பெல்மன்-ஃபோர்டு: எல்லாத் தடங்களையும் சுற்றுச் சுற்றாகப் பார்த்து, மலிவான வழி கிடைத்தால் ஊரின் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் முறை. எழுத்துப்பிழை, இன்டென்ட் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

சுற்றுகள் K அல்ல, K+1

இடையில் ஒரு நிறுத்தம் என்றால் இரண்டு பயணங்கள், அதனால் இரண்டு சுற்றுகள்.

பழைய விலையும் புதிய விலையும் ஒரே பட்டியலில்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கணக்குக்காக இந்தக் கட்டணங்களை வைத்துக்கொள்வோம்: காரைக்குடி–திருப்பத்தூர் 20 ரூபாய், திருப்பத்தூர்–மேலூர் 25, காரைக்குடி–மேலூர் 60, மேலூர்–மதுரை 20, காரைக்குடி–மதுரை நேராக 90. ஒரு நிறுத்தம்தான் அனுமதி. சரியான விடை மேலூர் வழியாக 80.

ஒரே பட்டியலை வைத்து, தடங்களை நான் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து விலையைக் குறைத்துப் பாருங்கள். முதல் சுற்றிலேயே திருப்பத்தூர் 20 ஆகிறது. அதே சுற்றில் அந்த 20-ஐ எடுத்து மேலூர் 45, அதையும் எடுத்து மதுரை 65. ஒரு பஸ் ஏறவேண்டிய சுற்றில் மூன்று பஸ் ஏறியாகிவிட்டது! இரண்டு நிறுத்தம் உள்ள வழியின் விலை விடையாக வந்து நிற்கிறது.

சாதாரண பெல்மன்-ஃபோர்டில் இப்படி முந்திக்கொள்வது தவறே இல்லை, சீக்கிரம் முடியவும் உதவும். அந்தப் பழக்கம்தான் இங்கே கெடுக்கிறது. இங்கே சுற்று எண் என்பதே ஏறிய பஸ்களின் உச்ச எண்ணிக்கை. அதனால் போன சுற்றின் விலையை மட்டுமே படிக்க வேண்டும்.

```python
for _ in range(k + 1):
    new = old[:]
    for u, v, w in edges:
        new[v] = min(new[v], old[u] + w)
    old = new
```

சிலர் இதைப் புரிந்துகொண்டும் `new = old` என்று எழுதிவிடுகிறார்கள். பைத்தானில் அது நகல் இல்லை, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர். வேறு சிலர் நகலெடுக்கும் வரியை உள் லூப்புக்குள் வைத்து, அங்கேயே `old = new` என்றும் போடுகிறார்கள். அதுவும் பழைய கோளாறுதான்.

இன்னும் மோசம், சில நேரம் இது தெரியவே தெரியாது. அதே ஐந்து தடங்களைத் தலைகீழாக அடுக்கினால், தவறான கோடும் 80 என்றே சொல்லும். முதல் சுற்றில் மேலூரிலிருந்து மதுரை பார்க்கும்போது மேலூருக்கு இன்னும் விலையே வந்திருக்காது. அதனால் மாதிரி டெஸ்ட் பாஸ் ஆனதை நம்பாதீர்கள். `random.shuffle(edges)` போட்டுப் பல முறை ஓட்டுங்கள். விடை மாறினால் பழைய விலையும் புதிய விலையும் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

டைக்ஸ்ட்ராவில் ஊருக்கு ஒரே ஒரு visited

சிலர் இதே கணக்கை, மலிவாக எட்டும் ஊரை முதலில் முடித்துவைக்கும் டைக்ஸ்ட்ரா முறையில் எழுதி, முடிந்த ஊருக்கு ஒரு visited குறி மட்டும் வைக்கிறார்கள். அது மேலூரை 45-க்கு முடித்துவிட்டு, நிறுத்தமே இல்லாத 60-ஐத் தூக்கி எறியும். ஆனால் 45-க்கு வந்ததிலேயே இரண்டு பஸ்ஸும் தீர்ந்துவிட்டதால் அங்கிருந்து மதுரைக்குப் போக முடியாது. அப்புறம் 90 என்று சொல்லும்.

எட்டாத ஊருக்கு `INT_MAX`

சி++ இல் int தாங்கும் மிகப்பெரிய எண் அது, அதோடு கட்டணத்தைக் கூட்டினால் ஓவர்ஃப்ளோ. `1e9` போதும்.