செம்புரைக்கல் சுவர்: ஈரத்தை உள்ளே பூட்டாதீர்கள்

செம்புரைக்கல் பூமிக்குள் இருக்கும்வரை மிருதுதான். மேல்மண்ணை வாரிவிட்டு மழுவாலோ இயந்திர வாளாலோ கட்டி கட்டியாக அறுத்தெடுத்துவிடலாம். வெளியே வந்து உள்ளீரம் போகப் போக, அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் இறுகிக் கல் கெட்டிப்படும். இதை மறந்துவிட்டு, குழியிலிருந்து லாரியில் ஏற்றி வந்த வாரத்திலேயே சுவர் எழுப்புவதுதான் முதல் தவறு. குறைந்தது 3 மாதமாவது காற்றோட்டமாக அடுக்கி ஆறப்போட வேண்டும். சிலர் சிமென்ட் கல் என்று நினைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! இந்தக் கல்லுக்குப் பதம் ஏறுவது நனைந்தல்ல, காய்ந்து.

செதுக்கல் வேலையையும் அறுத்தவுடனே முடித்துவிடுவது நல்லது. காய்ந்தபின் கொத்தினால் இறுகிய மேல்தோல் போய், மெத்தென்ற உட்புறம் மழைக்குத் திறந்துகொள்ளும்.

வாங்கும்போது வெள்ளை அல்லது மஞ்சள் களிமண் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழையில் அவை கரைந்து பொந்தாகும். ஐயமிருந்தால் நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து மறுபடி எடைபோடுங்கள். இந்தியத் தர விதி 12 சதவீதம்வரை நீர் உறிஞ்ச அனுமதிக்கிறது. 28 கிலோ கல் 31 கிலோ ஆனால் ஏறத்தாழ 11 சதவீதம், ஏற்கலாம். 32.5 ஆனால் 16 சதவீதம், திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த தவறு பூச்சில். 'கெட்டியாக இருக்கட்டும்' என்று 1:3 சிமென்ட் சாந்து பூசுகிறார்கள். அது கல்லைவிட விறைப்பானது; காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பு வழியே புகுந்த மழைநீர் திரும்பி வெளியேற முடியாமல் கல்லிலேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சைத் தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். உரிந்த துண்டின் பின்புறம் செம்பொடி அப்பியிருந்தால், பூச்சு கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள்.

பொருத்தமானது சுண்ணாம்புச் சாந்து, ஒன்றுக்கு மூன்று மணல். அவசரமென்றால் சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:2:9. முதலில் அறுவைத் தூசியைத் துடைத்துக் கழுவி, பொந்துகளைத் தனியாக அடைத்து இறுகவிட வேண்டும். ஒரே கையில் பூசினால் பள்ளத்தில் தடிமன் கூடி அங்கேதான் வெடிக்கும். பூசுமுன் சுவரை லேசாக நனையுங்கள். இல்லையேல் கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும். கல்லுக்கு வேண்டாம் என்ற தண்ணீர் பூச்சுக்கு வேண்டும்: ஒரு வாரமாவது வெயில் படாமல் ஈரமாக வைத்திருங்கள்.

'கல்லின் அழகு தெரியட்டும்' என்று பூச்சே இல்லாமல் விடுவோரும் உண்டு. பெருமழைப் பகுதியில் அது ஆபத்து. கோவாவின் பாம் ஜீசஸ் பேராலயத்தில் 1950-களில் சுண்ணாம்புப் பூச்சை நீக்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலமும் அதன் செங்கல்நிறச் சுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

பூச்சின்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் ஈரம் மறுபடி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெள்ளையடிப்பே போதும்.