போட்டோவில் உள்ள இயற்பியல் கணக்கு: அலகும் முக்கிய எண்ணுருக்களும் தவறாமல் விடை எழுதுவது எப்படி?

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 2.00 m நீளமும் 0.50 mm விட்டமும் கொண்ட எஃகுக் கம்பியில் 49 N விசை செயல்படுகிறது. நீட்சி 2.4 mm. யங் குணகம் என்ன?

முதலில், சூத்திரத்தைத் தொடாமல் தரவுகளை மட்டும் தாளில் எழுதுங்கள். போட்டோவை ஒவ்வொரு எண்ணுக்கும் பெரிதாக்கிப் பாருங்கள். படம் மங்கலாக இருந்தால் முதலில் காணாமல் போவது தசமப் புள்ளிதான். 0.50 என்பது 050 போலத் தெரியும். முழு எண்ணை யாரும் பூஜ்ஜியத்தில் தொடங்கி எழுதுவதில்லை, ஆகவே அங்கே ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டும். தவிர, 50 mm விட்டம் என்றால் அது கம்பி இல்லை, தடி. அடுக்கில் உள்ள கழித்தல் குறியும் இப்படித்தான் மறையும். 10⁻³ என்பது 10³ ஆகத் தெரிந்தால் விடை பத்து லட்சம் மடங்கு மாறிவிடும்.

இன்னொன்று, 0.50 என்பதை 0.5 என்று சுருக்கி எழுதாதீர்கள். கடைசிப் பூஜ்ஜியமும் அளந்து பெற்றதுதான். அதை விட்டால் முக்கிய எண்ணுரு இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும்.

அடுத்து அலகு மாற்றம். எல்லா நீளத்தையும் மீட்டருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் பரப்பைக் கணக்கிடுங்கள்:

```
d = 0.50 mm = 5.0 × 10⁻⁴ m
A = πd²/4 = 1.963 × 10⁻⁷ m²
ΔL = 2.4 mm = 2.4 × 10⁻³ m
Y = FL/(A ΔL) = (49 × 2.00)/(1.963 × 10⁻⁷ × 2.4 × 10⁻³)
  = 2.08 × 10¹¹ Pa
```

பலரும் வழுக்குவது பரப்பில்தான். mm²-இல் பரப்பைக் கண்டுபிடித்துவிட்டு 10⁻³-ஆல் பெருக்குவார்கள். 1 mm² என்பது 10⁻⁶ m². அதை மறந்தால் விடை 2.1 × 10⁸ Pa என்று ஆயிரம் மடங்கு குறைவாக வரும். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 2 × 10¹¹ Pa என்று தெரிந்திருந்தால் பிழையை உடனே பிடித்துவிடலாம்.

சரி, எத்தனை எண்ணுருக்களில் விடை எழுதுவது? 2.00-இல் மூன்று, மற்ற மூன்று தரவுகளிலும் இரண்டு. பெருக்கல், வகுத்தலில் மிகக் குறைந்ததையே எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு. சூத்திரத்தில் உள்ள 4 துல்லியமான எண், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். π-க்கும் அப்படித்தான், போதுமான இலக்கங்கள் போட்டால் சரி. ஆக, விடை 2.1 × 10¹¹ Pa.

முழுமையாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள். நடுவிலேயே பரப்பை 2.0 × 10⁻⁷ என்று முழுமையாக்கினால் 2.04 × 10¹¹ வரும், அது விடையில் 2.0 ஆகிவிடும். இடைப்படிகளில் ஒன்றிரண்டு இலக்கங்களைக் கூடுதலாக வைத்திருந்தால் இது நடக்காது.