சார்ஜா விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்பப் பெறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலிருந்து சார்ஜாவுக்கு நேரடி விமானம் இருப்பதால், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் ஏராளம். சென்ற பயணத்தின்போது பெருந்துறையிலிருந்து என் மாமாவும் அப்படித்தான் போனார். அமீரகத்தில் வாட் வரி 5 சதவீதம் என்பதால், 1,407 திர்ஹாமுக்குச் சாமான் வாங்கினால் ஏறத்தாழ 70 திர்ஹாம் விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும் என்று நான்தான் அவரிடம் கணக்குச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்த அன்றைக்கே, "என்ன மாப்ள, எழுவது வரும்னு சொன்ன, நாப்பத்தி ரெண்டரைதான் வந்திருக்குது" என்று கேட்டார். அவர் கையிலிருந்த பில்களை வைத்துக்கொண்டு எங்கே குறைந்தது என்று பார்த்தபோது, தவறுகள் பெரும்பாலும் விமான நிலையத்தில் நடக்கவில்லை, கடையிலேயே நடந்து முடிந்திருந்தன என்பது தெரிந்தது.

முதல் தவறு என்னுடையது. கடையில் எழுதியிருக்கும் விலையில் வாட் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 100 திர்ஹாம் அடக்கத்தின் மேல் 5 திர்ஹாம் வரி சேர்ந்து 105 ஆகிறது என்றால், பில் தொகையில் வரியின் பங்கு 21இல் ஒன்றுதானே தவிர 20இல் ஒன்று அன்று. அந்த வரியும் முழுதாகத் திரும்புவதில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான இந்தத் திட்டத்தை நடத்தும் பிளானட் நிறுவனத்தின் வழியாக, கட்டிய வாட்டில் 85 சதவீதம்தான் கிடைக்கும்; அதிலிருந்தும் ஒவ்வொரு டேக்குக்கும் 4.80 திர்ஹாம் கழிக்கப்படும். கடைக்காரர் நம் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிந்து அந்தக் கொள்முதலுக்கு உருவாக்கும் வரித்திருப்பப் பதிவைத்தான் டேக் என்கிறார்கள்.

இந்த 4.80தான் பலரும் கவனிக்காமல் விடுவது. திட்டத்தில் சேரக் குறைந்தபட்சக் கொள்முதல் 250 திர்ஹாம். அந்த எல்லையைத் தொட்டால் போதும், பணம் வந்துவிடும் என்று நம் ஆட்கள் நினைத்து, பில் 230 திர்ஹாமில் நின்றால் தேவையில்லாத ஒரு பொருளைச் சேர்த்து 250 ஆக்குகிறார்கள். சரியாக 250 திர்ஹாமுக்கு வாங்கினால் அதில் வாட் 11.90, அதில் 85 சதவீதம் 10.12; டேக் கட்டணம் போக மிஞ்சுவது 5.32 திர்ஹாம். அந்த 5.32க்காக 20 திர்ஹாமுக்கு வேண்டாத சாமானை வாங்குவது நட்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

மாமா வாங்கியது மூன்று கடைகளில்: கைக்கடிகாரம் 840, வாசனைத் திரவியம் 315, துணிமணி 252 திர்ஹாம். இவற்றில் வாட் முறையே 40, 15, 12. ஒவ்வொன்றிலும் 85 சதவீதம் எடுத்து 4.80 கழித்தால் 29.20, 7.95, 5.40, ஆக மொத்தம் 42.55 திர்ஹாம். அவர் கைக்கு வந்தது அதுவேதான், யாரும் ஏமாற்றவில்லை. இதே சாமான்களை ஒரு பெரிய கடையில் ஒரே பில்லாக வாங்கியிருந்தால் ஒரே டேக்கோடு போயிருக்கும். 67 திர்ஹாம் வாட்டில் 85 சதவீதமான 56.95இலிருந்து ஒருமுறை 4.80 கழித்து 52.15 கிடைத்திருக்கும். பொருளின் விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், இந்தப் பத்துத் திர்ஹாமுக்காக விலை கூடின கடையைத் தேடிப் போகவும் கூடாது. விலை ஒன்றாக இருக்கும்போது மட்டும் பில்லைச் சேர்த்துப் போடுவது லாபம்.

பில் யார் பெயரில் என்பதும் முக்கியம். மகனோ மகளோ அங்கே குடியிருப்பு விசாவில் இருந்தால் அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்பா அம்மா கூடவே நிற்க, மகன் தன் பெயரில் பில் போட்டு வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த பில்லை விமான நிலையத்தில் நீட்டிப் பயனில்லை. வாங்கும்போதே, திட்டத்தில் சேர்ந்துள்ள கடையா என்று கேட்டு, சுற்றுலா வந்தவரின் பாஸ்போர்ட்டைக் காட்டி டேக் போடச் சொல்ல வேண்டும். ஓட்டல், சாப்பாட்டு பில்கள் இதில் சேரா. ஊருக்குக் கொண்டுபோகும் பொருளுக்குத்தான் திருப்பம்.

விமான நிலையத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: பெட்டியைச் செக்-இன்னில் போட்டுவிட்டு அதன் பிறகு வரித்திருப்பக் கவுன்டருக்குப் போவது. பொருளைக் காட்டச் சொல்லிக் கேட்டால் காட்டியாக வேண்டும். பெட்டி போன பிறகு கையில் காட்ட ஒன்றுமிராது. ஆகவே முதலில் கவுன்டர், பிறகுதான் செக்-இன். பொருளை அங்கேயே பயன்படுத்தத் தொடங்கியிருந்தாலும், பாதி தீர்ந்த வாசனைத் திரவியப் புட்டி போல, அது தகுதி இழந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் பொருள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது, மூன்று மாதம் தங்கும் பெற்றோர் மறக்கக் கூடாத கெடு.

இனிப் பணமாற்று விகிதம். மாமாவின் கணக்கில் உண்மையான இழப்பு இங்கேதான். நம் ஊர் கிரெடிட் கார்டுகள் பலவும் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் என்ற கூடுதல் கட்டணமாக 3.5 சதவீதம் எடுத்து, அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போடுகின்றன, இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். அமீரகம் திருப்பித் தரும் தொகையோ, டேக் கட்டணத்தைக் கழிக்காமலே, பில்லில் 4.05 சதவீதத்தைத் தாண்டாது. கணக்குக்காக ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று கொண்டால், 1,407 திர்ஹாம் செலவுக்கு மார்க்கப்பும் ஜி.எஸ்.டி.யும் 1,336 ரூபாய். திரும்ப வந்த 42.55 திர்ஹாமோ 979 ரூபாய். வரித்திருப்பம் கார்டில் வரவாகும்போது வாங்கிய அன்று எடுத்த மார்க்கப் திரும்புவதில்லை. கிளம்புவதற்கு முன்பே மார்க்கப் இல்லாத கார்டோ, திர்ஹாம் ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டோ வாங்கிப்போனால் கிடைக்கும் மிச்சம், கவுன்டரில் கிடைக்கும் முழுத் தொகையையும் விடப் பெரிது.

கடையின் ஸ்வைப் இயந்திரம் 'ரூபாயிலா, திர்ஹாமிலா' என்று கேட்கும்போது ரூபாயை அழுத்துவதும் இதே வகைத் தவறு. அப்போது விகிதத்தை வைப்பது நம் வங்கியோ கார்டு வலையமைப்போ அன்று. இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது 23க்குப் பதில் 24 வைத்தால் 1,407 ரூபாய் அங்கேயே போயிற்று. வரித்திருப்பக் கவுன்டரிலும் ரூபாயில் தரட்டுமா என்று கேட்டால், சீட்டில் எழுதியுள்ள திர்ஹாம் தொகையையும் அவர்கள் சொல்லும் ரூபாயையும் வகுத்துப் பார்த்து, அன்றைய விகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே சம்மதிக்க வேண்டும். ரொக்கமாகத் திர்ஹாமை வாங்கிக்கொண்டு சில அடி தள்ளியிருக்கும் பணமாற்றுக் கடையில் ரூபாயாக்கினால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இன்னொரு பங்கைத் தின்றுவிடும். நாற்பது ஐம்பது திர்ஹாம்தான் என்றால் அதை மாற்றாமல் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். சார்ஜாவில் இறங்கியதும் டாக்சிக்கு ஆகும்.