ரிவ்யூவில் இருக்கும் படம் யார் எடுத்தது? சோதித்துப் பார்க்கும் வழி

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் பக்கம்தான். ஆனாலும் வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சீர் விளக்கு அனுப்ப, என் அண்ணி ஆன்லைனில்தான் தேடினார். "நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, ஐந்து முகம், இரண்டடி" என்று போட்ட ஒரு பக்கத்தின் லிங்கை அனுப்பி, "வாங்கினவங்க போட்டோவே போட்டிருக்காங்க, ஆர்டர் போட்டுடலாமா?" என்று கேட்டார். அந்த ரிவ்யூக்களில் மூன்று படங்கள் இருந்தன. அவற்றை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன்.

முதல் படி: படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ரிவ்யூ படத்தைத் தொட்டு முழுத்திரையில் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர், நட்சத்திரம், எழுத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் சேர்ந்திருந்தால் தேடல் திசைமாறிப் போகும்.

வெட்டுவதற்கு முன் ரிவ்யூ எழுதியவர் பெயருக்குக் கீழே அளவு, நிறம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் ஒரே பொருளின் எல்லா அளவுகளுக்குமான ரிவ்யூக்கள் ஒரே பக்கத்தில் வரும். ஓரடி விளக்கின் படம் இரண்டடி விளக்கின் பக்கத்தில் இருப்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது.

இரண்டாம் படி: பின்னணியோடு தேடுங்கள்

கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைத் திறந்தால் நான்கு மூலையுள்ள ஒரு சட்டம் தெரியும். பலரும் பொருளை மட்டும் சட்டத்துக்குள் வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே சாயலில் உள்ள விளக்குகள் வந்து குவியும், அதில் பயனில்லை. சட்டத்தை இழுத்துத் தரை, சுவர், திரைச்சீலை எல்லாம் சேரும்படி வையுங்கள். ஒரே வார்ப்பில் விளக்குகள் எத்தனையோ வரலாம். அந்தத் தரையும் அதன் விரிசலும் ஒரு வீட்டில்தான் இருக்கும். பிறகு Exact matches என்பதைத் தொடுங்கள்.

முதல் படத்தில் விளக்கு சிவப்புச் சிமெண்டுத் தரையில், பாதிக் கோலத்தின் மேல் நின்றது. தேடியதில் வேறொரு விற்பனையாளரின் பக்கத்தில் அதே படம் கிடைத்தது. அங்கே கோலம் முழுதாகத் தெரிந்தது, ஓரத்தில் கடைமுத்திரையும் இருந்தது. ரிவ்யூவில் வந்தது அந்த முத்திரை போகும்படி வெட்டிய துண்டு. இரண்டு பிரதிகளில் அதிக இடம் காட்டுவதுதான் பெரும்பாலும் மூலத்துக்கு நெருக்கமானது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் கேலரியில் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள், tineye.com தளத்திலும் போட்டுப் பாருங்கள். அங்கே காட்டும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட நாள்; படம் எடுத்த நாள் அல்ல. ரிவ்யூ படங்களில் ஏராளமானவை எந்தத் தேடலிலும் பதிவாவதில்லை. அதனால் "கிடைக்கவில்லை" என்பதை "அசல்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: பொருள் வேலை செய்யுமா என்று பாருங்கள்

இரண்டாவது படம் எந்தத் தேடலிலும் சிக்கவில்லை. வழவழப்பாக இருப்பதை வைத்து மட்டும் கணினி உருவாக்கிய படம் என்று சொல்லிவிட முடியாது, போன் கேமராவே அப்படி மெழுகிவிடும். பெரிதாக்கி, எண்ண முடிந்ததை எல்லாம் எண்ணுங்கள்.

தட்டில் ஐந்து சுடர் எரிந்தது, திரி வைக்கும் முகமோ நான்குதான். ஐந்தாவது சுடர் வெறும் விளிம்பில் நின்றது. நாச்சியார்கோவில் விளக்கின் பாதம், தண்டு, தட்டு, உச்சியிலுள்ள அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியாக வார்த்துத் திருகிப் பூட்டுவார்கள். பூட்டும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். இந்தப் படத்தில் தண்டு தட்டுக்குள் உருகி ஓடியதுபோல் இருந்தது. விற்பனைப் படத்தில் தண்டில் ஏழு வளையம், இதில் ஒன்பது. இத்தனையும் சேர்ந்தபின்தான் இது கணினி உருவாக்கிய படம் என்று முடிவுகட்டினேன்.

இப்போது வரும் கருவிகள் எண்ணிக்கையைச் சரியாகவும் போட்டுவிடுகின்றன. பிழை இருந்தால் சந்தேகப்படலாம், பிழை இல்லாததை வைத்து நம்பிவிடக் கூடாது. படத்துக்குள் இருக்கும் கேமரா விவரங்களைத் தேடியும் பயனில்லை. தளத்தில் ஏற்றும்போதே அவை பெரும்பாலும் அழிந்துவிடும்.

மங்கலான படத்தைத் தள்ளிவிடாதீர்கள்

மூன்றாவது படம் பார்க்கவே சுமார். கழற்றிய பாகங்கள் செய்தித்தாளின் மேல் கிடந்தன, ஓரத்தில் கட்டைவிரல், பக்கத்தில் ஓர் அளவுநாடா. எல்லாப் பாகங்களையும் பூட்டினாலும் ஒன்றரை அடிதான் வரும். பெயருக்குக் கீழே "இரண்டடி" என்றே இருந்தது. கொடுத்திருந்ததோ இரண்டு நட்சத்திரம். மூன்றில் அண்ணிக்கு உதவியது இதுதான். அவர் ஆர்டர் போடவில்லை.

புகார் செய்வதானால்

ரிவ்யூ படம், மூலப் படம் இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் முகவரி, தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, ரிவ்யூவுக்குக் கீழே உள்ள Report என்பதைத் தொடுங்கள். விற்பனையாளரே வாங்கியவர்போல ரிவ்யூ எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யலாம். அப்போது ஆர்டர் எண்ணும் கையில் இருக்கட்டும்.