மடிக்கணினிப் படி கேட்டுக் கடிதம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்து பணிபுரிவதற்கு மடிக்கணினிப் படி கேட்டு எழுதும் கடிதம் மேலாளருக்கே முகவரியிடப்பட்டாலும், அதன் மீது முடிவெடுப்பவர் பல நிறுவனங்களில் அவர் அல்லர். அவர் பரிந்துரை எழுதி, மனிதவளப் பிரிவுக்கோ கணக்குப் பிரிவுக்கோ அனுப்பி வைப்பார். அங்கே அதைப் படிப்பவருக்கு உங்கள் முகமும் தெரியாது, உங்கள் வேலையின் தன்மையும் தெரியாது. இத்தகைய கடிதங்களில் காணப்படும் தவறுகளுள் பெரும்பாலானவை, தம்மை நன்கு அறிந்த ஒருவரிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டு எழுதுவதால் நேர்பவை.

முதல் தவறு, கேட்பது இன்னதென்று சொல்லாமல் விடுவது. "மடிக்கணினிக்கு உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை நான்கு விதமாகப் பொருள்கொள்ளலாம்: நிறுவனமே ஒரு மடிக்கணினியைத் தருவது, நீங்கள் வாங்கிய பிறகு ரசீதைப் பெற்றுக்கொண்டு செலவை ஈடுசெய்வது, மாதந்தோறும் ஒரு தொகையைப் படியாகத் தருவது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி முன்பணம் தருவது. இவை நான்கும் கணக்கில் வெவ்வேறு தலைப்புகளில் எழுதப்படுபவை. மேலும், ரசீது கேட்காமல் மாதந்தோறும் தரப்படும் படியைப் பல நாடுகளின் வரிச்சட்டங்கள் ஊதியத்தின் பகுதியாகவே கொள்கின்றன; ரசீதின் பேரில் ஈடுசெய்யப்படும் பணிச்செலவு வேறு விதமாக நடத்தப்படுவதும் உண்டு. ஆகவே படி கேட்பதற்கு முன், உங்கள் நாட்டில் அது வரிக்கு உட்பட்டதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கேட்ட தொகை முழுவதும் கிடைத்த பிறகும், வரி போகக் கைக்கு வருவது போதாமற்போகலாம்.

இரண்டாவது தவறே பெரிது: காரணத்தைத் தம் பக்கத்திலிருந்து சொல்வது. "என் மடிக்கணினி பழையதாகிவிட்டது, மிகவும் மெதுவாக இருக்கிறது, மின்கலமும் நிற்பதில்லை" என்று எழுதினால், அது உங்கள் சொந்தப் பொருளின் நிலையைச் சொல்கிறதே ஒழிய, நிறுவனம் ஏன் பணம் தரவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மின்கலக் குறையை எழுதாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. வீட்டில் மின்னிணைப்பிலேயே வைத்து வேலை செய்யலாமே என்று படிப்பவர் நினைப்பார். புதிய மின்கலம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தாலும் வியப்பதற்கில்லை.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பணிபுரியும் ஒரு கணக்குப் பிரிவு ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மடிக்கணினி 8 ஜிபி நினைவகமும் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியும் கொண்டது. விண்டோஸ் 10-இல் இயங்குவது. மாத இறுதியில் கணக்கு முடிக்கும் நாட்களில் பெரிய விரிதாளையும், அலுவலகக் கணக்கு மென்பொருளையும், காணொளிக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க நேர்கிறது. அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், நினைவகப் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. விரிதாள் உறைந்துபோவதும் அந்த வேளையில்தான். இரண்டு வாரம், ஒவ்வொரு முறை உறையும்போதும் நாள், நேரம், திறந்திருந்த மென்பொருள், இழந்த நிமிடங்கள் ஆகியவற்றை அவர் குறித்துவைத்தால், "மெதுவாக இருக்கிறது" என்ற குறைகூறல் சரிபார்க்கத்தக்க தகவலாக மாறிவிடும். ஒரு நாளைக்குச் சராசரி 40 நிமிடம் என்றால், மூன்று நாளுக்கு வாரம் 2 மணி நேரம். இதை ஆண்டுக்குப் பெருக்கி, சம்பளத்தாலும் பெருக்கி, நிறுவனத்துக்கு இவ்வளவு இழப்பு என்று காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வேலை குறித்த நாளில்தானே முடிந்தது, பிறகு இழப்பு எங்கே என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடையில்லை. எந்தப் பணி எத்தனை முறை தாமதமானது என்று சொல்வதே போதும்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று அவரிடம் உண்டு. பலர் அதை எழுதுவதே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு, தனியாகப் பதிவுசெய்துகொள்ளும் நீட்டிப்பு மட்டுமே உண்டு, அதுவும் காலவரையறை உடையது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் செயலிகளில், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை முதலானவையே ஏற்கப்படுகின்றன. தம் கணினி தகுதியுடையதா என்பதை மைக்ரோசாஃப்டின் PC Health Check என்ற மென்பொருள் மூலம் எவரும் சரிபார்க்கலாம். நிறுவனத்தின் கணக்குத் தரவு புதுப்பிக்கப்படாத கணினியில் கையாளப்படுகிறது என்பது ஊழியரின் வசதிக் குறைவு அன்று, நிறுவனத்தின் இடர்ப்பாடு. இதை மிரட்டும் தொனியில்லாமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் கருத்துக்குப் போனால், "கூடுதல் நினைவகம் பொருத்தினால் போதாதா?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்ட முடியாது; கூட்ட முடிந்தாலும் செயலியின் தகுதி மாறாது. மலிவான வழி ஏன் பயன்படாது என்பதைக் கேட்கும் முன்பே எழுதிவிட்டால், கடிதம் ஒரு சுற்றுக் குறைவாக அலையும்.

தொகை விஷயத்தில், மடிக்கணினியின் முழு விலையைக் கேட்பது வழக்கமான பிழை. அதே கணினியை வீட்டாரும் நீங்களும் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினால், அந்தப் பங்கை யார் ஏற்பது? விலை 48,000 என்றும், பயன்பாட்டுக் காலம் நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம் என்றும் கொண்டால், மாதத்துக்கு 1,000 ஆகிறது. வாரத்தில் 32 மணி நேரப் பயன்பாட்டில் 24 மணி நேரம் பணிக்கானது என்றால் அது முக்கால் பங்கு. ஆகவே கேட்க வேண்டிய படி மாதம் 750. சொந்தப் பங்கைத் தாமே கழித்துக் காட்டும் கணக்கில் பேரம் பேச இடம் குறைவு.

இவ்வளவையும் சேர்த்தால் கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி அமையும்:

"வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து என் சொந்த மடிக்கணினியில் பணிபுரிந்து வருகிறேன். மாத இறுதிக் கணக்கு முடிப்பின்போது அதன் நினைவகம் போதாமல் பணி தடைபடுவதை இணைப்பிலுள்ள குறிப்புகளில் காணலாம். இக்கணினியில் நினைவகத்தைக் கூட்ட இயலாது. விண்டோஸ் 11-க்கும் இது தகுதி பெறவில்லை. ஆகவே புதிய மடிக்கணினி ஒன்றை நானே வாங்கிக்கொள்ள, இணைப்பிலுள்ள கணக்கின்படி மாதம் 750 வீதம் 48 மாதங்களுக்கு மடிக்கணினிப் படி வழங்குமாறு வேண்டுகிறேன். இதற்கு மாற்றாக நிறுவனத்தின் மடிக்கணினி வழங்கப்படுமாயின் அதனையும் ஏற்றுக்கொள்கிறேன்."

பிற ஊழியர்களுக்குக் கொடுத்ததைச் சுட்டி எழுதுவது பயன் தருவதில்லை. அவர்களுடைய பணியும் ஒப்பந்தமும் வேறாக இருக்கலாம். நிறுவனத்தில் ஏற்கெனவே வீட்டுப்பணிக் கொள்கை இருந்தால், அதன் உரிய பிரிவைக் குறிப்பிடுவது போதும்.

இறுதியாக, உடைமை பற்றி எழுதாமல் விடுவது. படியில் வாங்கிய கணினி யாருடையது, இடையில் வேலையை விட்டால் மீதி மாதங்களின் படி நின்றுவிடுமா, அதில் நிறுவனம் தன் கண்காணிப்பு மென்பொருளை நிறுவலாமா, விலகும்போது தரவை யார் அழிப்பது என்ற கேள்விகள் ஒப்புதலுக்குப் பிறகு எழுந்தால் கசப்பில் முடியும். கணினி தம் உடைமையாகவே இருக்கும் என்றும், விலகும் நாளோடு படி நின்றுவிடும் என்றும், நிறுவனத் தரவு தனிப் பயனர் கணக்கில் வைக்கப்பட்டு, விலகும்போது தகவல் தொழில்நுட்பப் பிரிவின் முன்னிலையில் நீக்கப்படும் என்றும் மூன்று வரிகளில் ஊழியரே முன்மொழிந்துவிடலாம். கண்காணிப்பு மென்பொருள் கட்டாயம் என்று நிறுவனம் பதில் எழுதினால், படியை விட்டுவிட்டு நிறுவனத்தின் கணினியையே கேட்பதுதான் உசிதம்.