வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போறீங்களா? பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும்: சுகர் இறங்கினால் எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் யாருக்காவது சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்தர் இளநீர் வெட்ட ஓடுவார், ஒருத்தர் கருப்பட்டியை உடைத்து வாயில் போடச் சொல்வார், இன்னொருத்தர் கையில் மட்டிப்பழம். எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் வேண்டியது 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், அதுவும் உடனே ரத்தத்தில் சேருகிற வடிவத்தில். இளநீரில் சர்க்கரை குறைவு, காய்க்குக் காய் மாறும், ஒரு முழு இளநீர் குடித்தாலும் 15 கிராம் தேறும் என்று நம்ப முடியாது. பழம் நல்லதுதான், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். ஓ.ஆர்.எஸ். கரைசலும் இதற்கு ஆகாது, ஒரு லிட்டரிலேயே 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, ஒரு டம்ளரில் மூணு கிராம்கூட வராது.

கருப்பட்டியும் சீனியும் பலருக்கு வேலை செய்யும். சிலருக்குச் செய்யாது. அந்தச் சிலர் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் இதை எழுதக் காரணம்.

வீட்டில் பெரியவர்கள் போடுகிற சுகர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமெப்பிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் என்று மூணும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இந்தியாவில் ரொம்ப சாதாரணம். வெளிநாட்டில் வைத்தியம் பார்த்துக்கொள்கிற நமக்கு வோக்லிபோஸ் என்ற பேரே புதிதாக இருக்கும். குடலில் மாவையும் சீனியையும் உடைக்கிற நொதியை இந்த மருந்து மந்தமாக்குகிறது, சாப்பிட்டதும் சுகர் திடீரென்று ஏறாமல் இருக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். சீனியானாலும் கருப்பட்டியானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அது உடைந்தால்தான் குளுக்கோஸ் வெளியே வரும். உடைக்கிற நொதியைத்தான் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறதே, அப்புறம் எப்படிச் சீக்கிரம் ஏறும்? அதனால் வோக்லிபோஸ், அதே வேலை செய்கிற அகார்போஸ் இந்த இரண்டில் ஒன்று அட்டையில் இருந்தால் சீனித் தண்ணீரை நம்பி உட்காராதீர்கள், நேரே குளுக்கோஸ் கொடுங்கள். குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, அப்படியே உள்ளே போகும். குளுக்கோஸ் கையில் இல்லவே இல்லை என்றால் அடுத்தபடி தேன். மார்த்தாண்டம் பக்கம் தேன் இல்லாத வீடு குறைவு. தேனில் குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்தே இருக்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான், அதனால் இவர்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொடுக்க வேண்டும்.

மாத்திரையில் கிளிமெப்பிரைடு இருப்பதற்கும் ஒரு விளைவு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது எதை எடுத்துப் போவது. வெளிநாட்டிலிருந்தே குளுக்கோஸ் ஜெல் கொண்டுபோகிறவர்கள் டியூபில் எழுதியிருக்கிற எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டனில் கிடைக்கிற 25 கிராம் டியூபில் குளுக்கோஸ் 10 கிராம்தான், ஒரு வேளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு டியூப் வேண்டும். அமெரிக்காவில் ஒரே டியூபில் 15 கிராம் இருக்கிற வகையும் உண்டு. குளுக்கோஸ் எத்தனை கிராம் என்ற வரியை மட்டும் பாருங்கள். ஜெல்லைக் கன்னத்தில் தடவிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், வாய்க்குள்ளேயே உறிஞ்சப்படுவது சொற்பம், விழுங்கினால்தான் வேலை நடக்கும்.

ஊரில் ஜெல் தேடி அலைய வேண்டாம். குளுக்கோஸ் பொடி மெடிக்கல் ஷாப்பிலும் பலசரக்குக் கடையிலும் சாதாரணமாகக் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாக்கெட் வாங்கி, சமையலறைத் தராசிலோ பக்கத்துக் கடைத் தராசிலோ 20 கிராம் வீதம் நிறுத்து சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கரண்டிக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும், கை நடுங்குகிற நேரத்தில் அளந்துகொண்டிருக்கவும் முடியாது. ஒரு கவர், அரை டம்ளர் தண்ணீர், கலக்கிக் குடிக்க வேண்டியதுதான். சொக்காய்ப் பையில் ஒன்று, பெண்கள் கைப்பையில் ஒன்று, காரில் ஒன்று. விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நிற்கும்போது பை காரில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. திற்பரப்பு அருவியில் குளிக்கிறவர்கள் கரையில் நிற்கிற ஆளிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

குளிர்பானம் என்றால் சாதாரண கோலா 150 மில்லி, அதாவது 300 மில்லி பாட்டிலில் பாதி, ஏறக்குறைய 15 கிராம். டயட், ஜீரோ என்று எழுதியிருந்தால் அதில் சர்க்கரையே கிடையாது, அவசரத்தில் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பிரிட்டனில் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டதால் அங்கே பழகிய அளவு இங்கே பொருந்தாது, லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். வோக்லிபோஸ் போடுகிறவருக்கு இதிலும் அதே சிக்கல்தான்.

மீட்டர் விஷயம் ஒன்று. நீங்கள் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பக்கம் இருந்தால் உங்கள் மீட்டர் mmol/L காட்டும், ஊரில் இருப்பது mg/dL காட்டும். உங்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வந்துவிடும். 3.9 என்பது 70. 70-க்குக் கீழே போனால் கொடுக்க வேண்டும், 54-க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். மீட்டர் கையில் இல்லை, ஆனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் இருக்கிறது என்றால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் கொடுத்துவிடுங்கள். சுகர் கொஞ்சம் ஏறியே இருந்தாலும் 15 கிராமில் பெரிய கேடு வந்துவிடாது, இறங்கியிருக்கிறவருக்குக் கொடுக்காமல் விட்டால் வரும்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். தக்கலைப் பக்கம் ஒரு மண்டபம். மாமாவுக்கு 68 வயசு, காலையில் எட்டு மணிக்கு அந்த மூணும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுவிட்டு, மத்தியானம் சத்யை இருக்கிறதே என்று இரண்டே இரண்டு இட்லியோடு கிளம்பிவிட்டார். முகூர்த்தம் தள்ளிப்போனது, முதல் பந்தி நிறைந்துவிட்டது, மணி ஒன்றைத் தாண்டியாயிற்று. நெற்றியெல்லாம் வியர்வை, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். கேட்டால் “எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா” என்பார், சுகர் இறங்கினவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதைக் கேட்டு விட்டுவிடக் கூடாது.

முதலில் உட்கார வையுங்கள். “மாமா, இந்தா தண்ணி, ஒரு வாய் குடிச்சு முழுங்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். சொன்னதைப் புரிந்துகொண்டு விழுங்கினால் வாய்வழி கொடுக்கலாம். தலை தொங்குகிறது, கூப்பிட்டால் சரியாக முழிக்கவில்லை, தண்ணீர் வாயோரம் வழிகிறது என்றால் ஜெல்லோ பொடியோ எதுவும் வாயில் வைக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சுகரை ஏற்றுகிற அவசர மருந்தான குளூக்ககான் வைத்திருக்கிறவர்கள் அதை எடுக்க வேண்டிய நேரமும் அதுதான்.

மாமா விழுங்குகிறார். விரலைக் குத்திப் பார்த்தால் 58, அதாவது உங்கள் மீட்டரில் 3.2. ஒரு கவர் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறீர்கள். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 1:20. இனி 15 நிமிஷம் வேறு எதையும் ஊட்டாதீர்கள். இந்த 15 நிமிஷம்தான் கஷ்டம், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு லட்டு கொண்டுவருவார்கள். லட்டில் இருக்கிற நெய் இனிப்பு ஏறுவதையே தாமதப்படுத்தும், அப்புறம் சாயங்காலம் 300-க்குப் போய் நிற்கும்.

1:35-க்கு மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் விரலை வெறும் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் சிந்தின விரலையோ பழம் உரித்த விரலையோ குத்தினால் மீட்டர் 150, 200 என்று காட்டும், எல்லாரும் நிம்மதியாகக் கலைந்து போவார்கள், உள்ளே சுகர் இன்னும் இறங்கியபடியே இருக்கும். கையில் சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்சார் ரத்தத்தை விடச் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும், ஏறிவிட்ட பிறகும் இறக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பதறி மேலே மேலே குடிக்காமல் விரலில் பாருங்கள்.

மாமாவுக்கு இப்போது 66. ஏறியிருக்கிறது, ஆனால் 70-ஐத் தொடவில்லை. அதே அளவு இன்னொரு கவர். 1:50-க்கு 94, வியர்வை நின்றுவிட்டது, இரண்டாம் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், போய் உட்காரட்டும். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மட்டும் இரண்டு இட்லியோ ஒரு பழமோ கொடுங்கள், மட்டிப்பழத்துக்கு இதுதான் வேளை. மூணு தடவை கொடுத்தும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதற்கு மேல் மண்டபத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108, அல்லது வண்டியில் ஏற்றி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்தில் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியோ, எது சீக்கிரமோ அங்கே.

இதெல்லாம் பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்பக் குறையும், ஒரு கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம் போதும்.

இனி கிளிமெப்பிரைடு. மாமாவுக்கு 94 வந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிட முடியாது. இந்த மாத்திரை கணையத்தை நாள் பூராவும் இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். குடித்த குளுக்கோஸ் தீர்ந்ததும் இரண்டு மூணு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், கிட்னி பலவீனமானவர்களுக்கு மறுநாள் வரைக்கும்கூட நீளும். அதே வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். அதனால் அன்றைக்கு அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். நாலு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, விடியற்காலை மூணு மணி வாக்கில் எழுப்பி ஒரு தடவை விரலில் பாருங்கள். இதில் எப்போது பார்த்தாலும் மறுபடி 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் குளுக்கோஸைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், டிரிப் போட்டுக் கண்காணிக்க வேண்டியிருக்கும். ராத்திரி மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று நீங்களாக முடிவெடுக்காமல் அவருடைய டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரை அட்டையில் இருக்கிற பேரையும், எத்தனை மணிக்கு எவ்வளவு காட்டியது என்று குறித்து வைத்த எண்களையும் வாசித்துக் காட்டுங்கள்.